என்.எப்.எஸ் சேமிப்பகமும் மெய்நிகர் இயந்திரங்களும்: சிங்க் எழுதுதலின் வரலாறு

மெய்நிகர் இயந்திரங்களின் வட்டுக் கோப்புகளை அவை இயங்கும் கணினியிலேயே வைக்காமல், வலையமைப்பில் உள்ள தனிச் சேமிப்பகம் ஒன்றில் வைத்து, பல கணினிகளும் அதைப் பொதுவாகப் பயன்படுத்துவது இன்று பரவலான முறையாகும். இத்தகைய சேமிப்பகம் நாஸ் எனப்படுகிறது. அதனோடு கணினிகள் பேசப் பயன்படுத்தும் பழமையான நெறிமுறைகளுள் ஒன்று என்.எப்.எஸ் எனப்படும் வலையமைப்புக் கோப்பு முறைமை. இந்த அமைப்பை முதன்முதலாக நிறுவுவோர் பலரும் ஒரே புதிரைச் சந்திக்கின்றனர். அதே நாஸில் சாதாரணக் கோப்பு ஒன்றைப் படியெடுத்தால் நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் வேகம் கிடைக்கிறது. மெய்நிகர் இயந்திரம் ஒன்று அதே வட்டில் எழுதும்போது வேகம் நொடிக்கு ஒரு மெகாபைட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இதற்குக் காரணம் பழுதடைந்த வட்டோ தவறான கம்பியோ அன்று. எழுதச் சொன்ன தரவு நிலையான இடத்தில் பதிந்த பிறகே "எழுதியாயிற்று" என்று பதில் சொல்ல வேண்டும் என்னும் விதியே காரணம். அவ்வாறு பதிந்த பின்பே பதில் தரும் முறை சிங்க் எழுதுதல் எனப்படுகிறது. இந்த விதி 1985-இல் உருவானது. அதன் பின்வந்த சேமிப்பகத் தொழில்நுட்பங்கள் பலவும் இந்த விதியை மீறாமல் காத்திருப்பை மட்டும் குறைக்க எடுத்த முயற்சிகளே.

## 1985: நினைவில் எதையும் வைக்காத வழங்கி

என்.எப்.எஸ், அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவானது. அதன் வடிவமைப்பை விளக்கும் கட்டுரையை ரசல் சேண்ட்பர்க், டேவிட் கோல்ட்பர்க், ஸ்டீவ் கிளைமன், டேன் வால்ஷ், பாப் லயன் ஆகியோர் 1985 கோடையில் நடந்த யூசெனிக்ஸ் மாநாட்டில் அளித்தனர். வெளியுலகுக்கு வந்த முதல் பதிப்பு, பதிப்பு எண் 2 ஆகும். அதன் விவரக்குறிப்பு 1989-இல் ஆர்.எப்.சி 1094 என்னும் ஆவணமாக வெளியிடப்பட்டது.

வடிவமைப்பாளர்களின் முதன்மைக் கவலை, வழங்கிக் கணினி திடீரென நின்றுபோனால் என்ன ஆகும் என்பதே. ஒவ்வொரு பயனர் கணினியும் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது, எதுவரை படித்திருக்கிறது என்ற விவரங்களை வழங்கி தன் நினைவில் வைத்திருந்தால், அது நின்று மீண்டும் எழும்போது அவை அனைத்தையும் மீட்டாக வேண்டும். ஆகவே அவர்கள் வழங்கியை எதையும் நினைவில் வைக்காததாக அமைத்தனர். ஒவ்வொரு கோரிக்கையும் தன்னளவில் முழுமையானது. எந்தக் கோப்பு, எந்த இடம், எத்தனை பைட்டு என்பன எல்லாம் அதிலேயே இருக்கும். பதில் வராவிட்டால் பயனர் கணினி அதே கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பும். அதன் பார்வையில், நின்றுபோன வழங்கிக்கும் மெதுவான வழங்கிக்கும் வேறுபாடு இல்லை.

இந்த எளிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பதில் கிடைத்தவுடன் பயனர் கணினி தன்னிடமிருந்த தரவை அழித்துவிடும். எனவே வழங்கி பதில் அனுப்பும்போது தரவு மின்சாரம் போனாலும் அழியாத இடத்தில் இருந்தாக வேண்டும். பதிவுத் தபாலில் வரும் ஒப்புகை அட்டையைப் போன்றது இந்தப் பதில். கடிதம் உரியவர் கையில் சேர்ந்த பின்னரே அட்டையில் கையொப்பம் விழ வேண்டும். முன்கூட்டியே கையொப்பம் பெற்று வைத்துக்கொண்டால் அட்டைகள் வேகமாகத் திரும்பும். ஆனால் அவற்றுக்குப் பொருள் இராது.

## ஒரு கோரிக்கைக்கு மூன்று வட்டுப் பயணங்கள்

இரண்டாம் பதிப்பில் ஒரு கோரிக்கையில் அதிக அளவாக 8 கிலோபைட்டு மட்டுமே எழுத முடியும். அந்த 8 கிலோபைட்டைப் பதிய வட்டில் ஒரே இடத்தில் எழுதினால் போதாது. தரவை ஓர் இடத்திலும், கோப்பின் அளவு, நேரம் முதலிய விவரங்களை இன்னோர் இடத்திலும், கோப்பு பெரியதாயின் அதன் துண்டுகள் எங்கெங்கே உள்ளன என்ற பட்டியலை மூன்றாவது இடத்திலும் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வட்டின் தலை நகர வேண்டும். உரிய பகுதி சுழன்று தலைக்கு அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அக்காலத்து வட்டுகளில் பல நிமிடத்துக்கு 3,600 சுற்றுகள் சுழன்றன. அதாவது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. தலை நகரும் நேரத்தையும் சேர்த்து ஒரு பயணத்துக்கு 25 மில்லி நொடி என்று கொண்டால், மூன்று பயணங்களுக்கு 75 மில்லி நொடி ஆகும். ஒன்று முடிந்த பிறகே அடுத்தது எனில் நொடிக்குப் பதின்மூன்று கோரிக்கைகளே முடியும். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 100 கிலோபைட்டு மட்டுமே. அன்றைய ஈதர்நெட் இதைப்போலப் பத்து மடங்கு வேகத்தைத் தாங்கக்கூடியது. வலையமைப்பு காலியாக இருக்க, எல்லோரும் வட்டுக்காகக் காத்திருந்தனர்.

## மின்கலம் தாங்கிய நினைவகம்

விதியை மீறாமல் காத்திருப்பைக் குறைக்க வழி இருந்தது. "நிலையான இடம்" என்று விதி சொன்னதே தவிர, அது சுழலும் வட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. என்.எப்.எஸ் உருவாக்கியோருள் சேண்ட்பர்க், லயன் ஆகியோர் பங்கேற்ற லெகேட்டோ நிறுவனம் 1990 வாக்கில் பிரெஸ்டோசர்வ் என்ற பலகையைக் கொண்டுவந்தது. அது மின்கலம் பொருத்திய நினைவகம். எழுத வந்த தரவை முதலில் அதில் வாங்கிக்கொண்டு, உடனே பதில் அனுப்பிவிட்டு, பின்னர் ஓய்வாக வட்டுக்கு மாற்றலாம். மின்சாரம் போனாலும் மின்கலத்தின் உதவியால் தரவு அங்கேயே இருக்கும். கணினி மீண்டும் எழும்போது வட்டுக்குப் போய்ச் சேரும்.

இக்கருத்தை முழுமையான ஒரு சேமிப்பகமாக வளர்த்தது நெட்வொர்க் அப்ளையன்ஸ். பின்னாளில் நெட்ஆப் எனப்பட்ட இந்நிறுவனம் 1992-இல் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர்களான டேவ் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் ஆகியோர் 1994-இல் தங்கள் கோப்பு முறைமையை விளக்கிக் கட்டுரை எழுதினர். அவர்களுடைய கருவியில் மின்கல நினைவகம் வட்டுத் துண்டுகளைச் சேர்த்து வைக்கவில்லை; வந்த கோரிக்கைகளையே ஒரு நாட்குறிப்புப் போலப் பதிந்து வைத்தது. சில நொடிகளுக்கு ஒருமுறை, சேர்ந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே தொகுப்பாக வட்டில் எழுதப்பட்டன. இடையில் நின்றுபோனால், நாட்குறிப்பில் உள்ள கோரிக்கைகளை மீண்டும் நிறைவேற்றினால் போதும். இன்றைய நாஸ் கருவிகளில் உள்ள பதிவேடுகளைப் புரிந்துகொள்ள இந்த அமைப்பை நினைவில் கொள்வது பயன் தரும்.

## 1995: விதியில் ஒரு தளர்வு

என்.எப்.எஸ் மூன்றாம் பதிப்பு 1995 ஜூன் மாதத்தில் ஆர்.எப்.சி 1813 ஆக வெளியானது. பெரிய கோப்பு ஒன்றைப் படியெடுக்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே உறுதி தேவையில்லை. கடைசியில் ஒருமுறை உறுதி கிடைத்தால் போதும் என்பதை அது ஏற்றுக்கொண்டது. இதன்படி பயனர் கணினி, "இதை இப்போதைக்கு நினைவகத்தில் வைத்தாலும் சரி" என்ற குறிப்போடு துண்டுகளை அனுப்பலாம். எல்லாம் அனுப்பிய பின், "இதுவரை அனுப்பியவற்றை நிலைப்படுத்து" என்று ஒரு கோரிக்கை அனுப்பும். வழங்கி அப்போது மொத்தமாக வட்டில் எழுதிவிட்டுப் பதில் தரும்.

இடையில் வழங்கி நின்றுபோனால்? அதற்கும் வழி செய்யப்பட்டது. வழங்கி தன் ஒவ்வொரு பதிலோடும் ஓர் அடையாள எண்ணைச் சேர்த்து அனுப்பும். வழங்கி மீண்டும் எழுந்தால் அந்த எண் மாறிவிடும். எண் மாறியதைக் கண்ட பயனர் கணினி, இன்னும் நிலைப்படாத துண்டுகள் அனைத்தையும் மறுபடி அனுப்பும். அதனால் நிலைப்படுத்திய பதில் வரும்வரை தரவைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டியது பயனர் கணினியின் கடமை. 1985-இல் வழங்கியிடம் மட்டும் இருந்த பொறுப்பு இப்போது இருவருக்கும் பகிரப்பட்டது. சாதாரணக் கோப்பைப் படியெடுக்கும்போது கிடைக்கும் வேகத்துக்கு இந்தத் தளர்வே காரணம்.

## 2006: மெய்நிகர் இயந்திரங்கள் வருகின்றன

விஎம்வேர் நிறுவனம் 2003-இல் விமோஷன் என்ற வசதியை அறிமுகப்படுத்தியது. இயங்கிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்தாமலேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற அது உதவியது. இரு கணினிகளும் ஒரே சேமிப்பகத்தைப் பார்த்தால்தான் இது நடக்கும். தொடக்கத்தில் இதற்கு விலையுயர்ந்த பைபர் சேனல் சேமிப்பகங்களே பயன்பட்டன. 2006-இல் வந்த ஈ.எஸ்.எக்ஸ் 3, மெய்நிகர் வட்டுகளை என்.எப்.எஸ் வழியாகவும் வைக்க இடம் தந்தது. ஒரு நாஸ் இருந்தால் போதும் என்ற நிலை வந்ததும் சிறு அலுவலகங்களும் கல்லூரிகளும் வீட்டில் கற்போரும் இதை நாடினர்.

ஆனால் இங்கே 1995-இன் தளர்வு பயன்படவில்லை. ஈ.எஸ்.எக்ஸ் தான் அனுப்பும் எல்லா எழுதுதலையும் நிலைப்படுத்திய பின்பே பதில் வேண்டும் என்ற குறிப்போடு அனுப்புகிறது. இது தேவையற்ற பிடிவாதம் போலத் தோன்றலாம், காரணம் இருக்கிறது. மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருக்கும் இயக்குதளம், தனக்கு உண்மையான வட்டு ஒன்று இருப்பதாக நம்புகிறது. அந்த வட்டில் அழியக்கூடிய தற்காலிக நினைவகம் இல்லை என்றே அதற்குத் தெரிவிக்கப்படுகிறது. விஎம்வேரில் இயங்கும் லினக்ஸ் தொடங்கும்போது திரையில் பெரும்பாலும் காணப்படும் வரி இதற்குச் சான்று:

```
sd 0:0:0:0: [sda] Assuming drive cache: write through
```

அதாவது, "இந்த வட்டு எழுதியாயிற்று என்று சொன்னால் எழுதியாயிற்று என்றே பொருள்" என லினக்ஸ் கொள்கிறது. பின்னர் தனியாக "நிலைப்படுத்து" என்று அது கேட்காது. வெளியே உள்ள ஈ.எஸ்.எக்ஸ்க்கு, வந்த 8 கிலோபைட்டு வங்கிக் கணக்கின் பதிவா, தற்காலிகக் கோப்பின் துணுக்கா என்று அறிய வழியில்லை. எல்லாவற்றையும் முக்கியமானதாகக் கொள்வதே அதற்குப் பாதுகாப்பு. இவ்வாறு, இருபது ஆண்டுகளுக்கு முன்பு இருந்த சிக்கல் பழைய வடிவிலேயே திரும்பி வந்தது.

## இசட்.எப்.எஸ்ஸும் அதன் பதிவேடும்

சன் நிறுவனத்தில் ஜெஃப் போன்விக், மேத்யூ ஆரன்ஸ் ஆகியோர் உருவாக்கிய இசட்.எப்.எஸ் 2005-இல் சோலாரிஸ் மூலநிரலில் சேர்க்கப்பட்டது. பின்னர் பிரீநாஸ் போன்ற இலவச நாஸ் மென்பொருள்கள் அதை ஏற்றன. இன்று வீட்டிலும் சிறு நிறுவனங்களிலும் மெய்நிகர் இயந்திரங்களுக்கு அமைக்கப்படும் நாஸ்களில் பல இதையே சார்ந்துள்ளன.

இசட்.எப்.எஸ் வழக்கமான எழுதுதல்களை நினைவகத்தில் சேர்த்து வைத்து, ஏறத்தாழ 5 நொடிக்கு ஒருமுறை ஒரே தொகுப்பாக வட்டில் எழுதுகிறது. நிலைப்படுத்திய பதில் கேட்கும் எழுதுதல் வந்தால் 5 நொடி காக்க வைக்க முடியாது. அதனால் அதை உடனே சில் எனப்படும் பதிவேட்டில் எழுதிப் பதில் தருகிறது. நினைவகத்தில் உள்ள பிரதி வழக்கம்போல் அடுத்த தொகுப்பில் தன் இடத்துக்குப் போகிறது. பதிவேடு படிக்கப்படுவது, கணினி எதிர்பாராமல் நின்று மீண்டும் எழும்போது மட்டுமே. நெட்ஆப் கருவியின் நாட்குறிப்பும் இதே வேலையைச் செய்தது. வேறுபாடு, அந்த நாட்குறிப்பு மின்கல நினைவகத்தில் இருந்தது, இசட்.எப்.எஸ்ஸின் பதிவேடு, வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், அதே சுழலும் வட்டுகளில் இருக்கிறது.

2007-இல் இந்தப் பதிவேட்டைத் தனிக் கருவியில் வைக்கும் வசதி சேர்க்கப்பட்டது. அந்தக் கருவி ஸ்லாக் எனப்படுகிறது. 2010-இல் `sync` என்ற பண்பு வந்தது. ஒவ்வொரு தரவுப் பகுதிக்கும் தனித்தனியே, விதியைக் கேட்டபடி பின்பற்றவோ, எப்போதும் பின்பற்றவோ, முற்றிலும் புறக்கணிக்கவோ இதனால் முடியும். மூன்றாவது வழிக்கு `sync=disabled` என்று பெயர்.

## ஒரு கணக்கு

இரண்டு வன்தட்டுகளை ஒன்றுக்கொன்று பிரதியாகக் கொண்ட நாஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தட்டுகள் நிமிடத்துக்கு 7,200 சுற்றுகள் சுழல்பவை. வலையமைப்பு நொடிக்கு ஒரு கிகாபிட்டு. மெய்நிகர் இயந்திரத்தில் உள்ள தரவுத்தளம் 8 கிலோபைட்டு துண்டுகளை ஒவ்வொன்றாக எழுதுகிறது. ஒன்றுக்குப் பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்புகிறது.

வலையமைப்பில் துண்டு சென்று பதில் திரும்ப 0.3 மில்லி நொடி ஆகும் எனக் கொள்வோம். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி நொடி. சராசரிக் காத்திருப்பு அதில் பாதி. தலை நகரும் நேரத்தையும் சேர்த்துப் பதிவேட்டில் எழுத 10 மில்லி நொடி எனலாம். ஆக ஒரு துண்டுக்கு 10.3 மில்லி நொடி. நொடிக்கு 97 துண்டுகள். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 780 கிலோபைட்டு. காத்திருப்பில் நூற்றுக்கு 97 பங்கு வட்டினுடையது. இந்த நாஸுக்கு 10 கிகாபிட்டு வலையமைப்பை வாங்கிப் பொருத்தினாலும் பயன் இராது.

இப்போது 0.1 மில்லி நொடியில் எழுதி முடிக்கும் ஸ்லாக் ஒன்றைச் சேர்த்தால், ஒரு துண்டுக்கு 0.4 மில்லி நொடி. நொடிக்கு 2,500 துண்டுகள். வேகம் 20 மெகாபைட்டு. ஸ்லாக் இல்லாமல் `sync=disabled` என்று அமைத்தால், ஒரு துண்டுக்கு 0.3 மில்லி நொடி. வேகம் ஏறத்தாழ 27 மெகாபைட்டு.

நல்ல ஸ்லாக் வேகத்தை இருபத்தைந்து மடங்கு உயர்த்துகிறது; விதி முழுதாகக் காக்கப்படுகிறது. விதியை அடியோடு கைவிட்டாலும் அதற்கு மேல் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. அந்த நிலையிலும் 100 மெகாபைட்டு கிடைக்காததற்குக் காரணம், சிறு துண்டுகளை ஒவ்வொன்றாக அனுப்புவதில் உள்ள வலையமைப்புக் காத்திருப்பு. பல இயந்திரங்கள் ஒரே நேரத்தில் எழுதினால் இசட்.எப்.எஸ் அவற்றைச் சேர்த்துப் பதிவேட்டில் இடும். மொத்த வேகம் கூடும். ஆனால் தனியொரு தரவுத்தளத்தின் காத்திருப்பு குறையாது.

## விதியைக் கைவிட்டால் நிகழ்வது

`sync=disabled` அமைத்த நாஸில் இழப்பு எவ்வாறு நேரும் என்பதைப் படிப்படியாகக் காணலாம். மெய்நிகர் இயந்திரம் தன் கோப்பு முறைமையின் குறிப்பேட்டில் ஒரு மாற்றத்தை எழுதுகிறது. பின்னர் அந்த மாற்றத்தை உரிய இடத்திலும் எழுதுகிறது. இரண்டுக்கும் "எழுதியாயிற்று" என்ற பதில் கிடைக்கிறது. இனி தேவையில்லை என்று குறிப்பேட்டின் அந்தப் பகுதியை மறுபயன்பாட்டுக்கு விடுகிறது. உண்மையில் இவை யாவும் நாஸின் நினைவகத்தில்தான் உள்ளன. மூன்றாவது நொடியில் நாஸ் மட்டும் மின்தடையால் நிற்கிறது.

நாஸ் விரைவில் மீண்டும் எழுகிறது. ஈ.எஸ்.எக்ஸ், என்.எப்.எஸ்ஸின் இயல்புப்படி, பதில் வராத கோரிக்கைகளை மட்டும் மறுபடி அனுப்பித் தொடர்கிறது. பதில் வந்துவிட்டவற்றை அனுப்புவதில்லை. அவை அதனிடம் இப்போது இல்லை. மெய்நிகர் இயந்திரம் நிற்கவேயில்லை. தன் வட்டு மூன்று நொடி பின்னோக்கிப் போய்விட்டது என்பது அதற்குத் தெரியாது. புதிய தகவல்களைப் பழைய நிலையின் மேல் எழுதிக்கொண்டே போகிறது. சில மணி நேரத்திலோ சில வாரத்திலோ அந்த இடத்தைப் படிக்கும்போதுதான் கோப்பு முறைமைப் பிழை வெளிப்படும்.

நாஸில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். இசட்.எப்.எஸ் தன் தொகுப்புகளை முழுமையாக எழுதும், அல்லது எழுதவே எழுதாது. எனவே அதன் சொந்த அமைப்பு சிதையாது. `zpool status` பிழை காட்டாது. முழுச் சரிபார்ப்பு நடத்தினாலும் பிழை காட்டாது. "இசட்.எப்.எஸ் எப்போதும் ஒழுங்காக இருக்கும்" என்ற கூற்று உண்மையே, அதனுள் உள்ள மெய்நிகர் வட்டு ஒழுங்காக இருக்கும் என்பது அதற்குப் பொருளன்று. தடையில்லா மின்வழங்கி இந்த ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. மின்வழங்கிப் பெட்டி பழுதாவதும் இயக்குதளம் உறைந்து நிற்பதும் அதன் கைக்கு அப்பாற்பட்டவை.

லினக்ஸை வழங்கியாகக் கொண்ட அமைப்புகளிலும் இதே தேர்வு `async` என்ற சொல்லால் நிகழ்கிறது. பயன்பாட்டுத் தொகுப்பான `nfs-utils`-இன் 1.0.0 பதிப்பு வரை அதுவே இயல்பான அமைப்பாக இருந்தது. அதற்குப் பின் `sync` இயல்பானதாக மாற்றப்பட்டது. பழைய லினக்ஸ் வழங்கிகள் வேகமாக இருந்ததாகச் சொல்லப்பட்டதில் இதற்கும் பங்குண்டு.

ஐஸ்கசி நெறிமுறையோடு ஒப்பிடும்போதும் இதை நினைவில் கொள்ள வேண்டும். அதே நாஸில் ஐஸ்கசி வழியே மெய்நிகர் வட்டு வைத்தால் வேகம் பன்மடங்கு கூடுவதைப் பலர் கண்டு, என்.எப்.எஸ் மெதுவான நெறிமுறை என்று முடிவு செய்கின்றனர். ஐஸ்கசியில் ஒவ்வொரு எழுதுதலோடும் நிலைப்படுத்தும் கோரிக்கை வருவதில்லை. கேட்கப்படாததால் இசட்.எப்.எஸ் நினைவகத்திலிருந்தே பதில் தருகிறது. `sync=always` என்று அமைத்து அளந்தால் இரண்டின் வேகமும் நெருங்கிவிடும்.

## காரணத்தைக் கண்டறிதல்

வேகக்குறைவுக்குச் சிங்க் எழுதுதல்தான் காரணமா என்பதை ஊகிக்காமல் அளந்து அறியலாம். முக்கியமான தரவு எதுவும் இல்லாத சோதனைப் பகுதி ஒன்றை நாஸில் உருவாக்கி, அதில் ஒரு சோதனை இயந்திரத்தை வைக்க வேண்டும். அதனுள் கீழ்க்கண்ட கட்டளை 8 கிலோபைட்டு அளவில் ஆயிரம் சிங்க் எழுதுதல்களைச் செய்யும்:

```
dd if=/dev/zero of=test bs=8k count=1000 oflag=dsync
```

மேலே கணக்கிட்ட நாஸில் இதற்கு 10 நொடிக்கு மேல் ஆகும். மெய்நிகர் இயந்திரத்தின் கோப்பு முறைமை தன் குறிப்பேட்டையும் எழுதுவதால் இன்னும் கூடலாம். பின்னர் நாஸில் சோதனைப் பகுதிக்கு மட்டும் விதியை நீக்கி, மீண்டும் அளந்து, பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும்:

```
zfs set sync=disabled tank/test
zfs inherit sync tank/test
```

நேரம் பல மடங்கு குறைந்தால் காரணம் சிங்க் எழுதுதலே. ஸ்லாக் பயன் தரும். நேரம் மாறவில்லை என்றால் காரணம் வலையமைப்பிலோ வேறிடத்திலோ உள்ளது. ஸ்லாக் வாங்குவது வீண்செலவு.

## ஸ்லாக் தேர்வும் அதன் எல்லையும்

எந்தத் திண்மநிலை வட்டும் ஸ்லாக்காகப் பயன்படும் என்று எண்ணுவது பரவலான தவறு. ஒவ்வொரு பதிவுக்கும் பின் இசட்.எப்.எஸ், "உன் தற்காலிக நினைவகத்தில் உள்ளதை நிலைப்படுத்து" என்று அதற்குக் கட்டளையிடும். மின்சாரம் போனால் தரவைக் காக்கும் மின்தேக்கிகள் உள்ள வட்டு, தரவு தன் நினைவகத்துக்கு வந்ததுமே பதில் தரலாம். மின்தேக்கி இல்லாத சாதாரண வட்டு ஒவ்வொரு முறையும் பிளாஷ் சில்லில் எழுதி முடிக்க வேண்டியிருப்பதால், விளம்பரத்தில் சொன்ன வேகத்தில் சிறு பகுதியையே தரும். அது வியப்பூட்டும் வேகம் தந்தால், கட்டளையை மதிக்காமல் பதில் சொல்கிறதோ என்று ஐயுற வேண்டும். 1990-இன் மின்கலம் செய்த வேலையையே இன்று இந்த மின்தேக்கிகள் செய்கின்றன.

ஸ்லாக்கின் கொள்ளளவு பெரிதாக இருக்கத் தேவையில்லை. அது தாங்க வேண்டியது இரண்டு மூன்று தொகுப்புகளின் அளவு மட்டுமே. கிகாபிட்டு வலையமைப்பு நொடிக்கு அதிக அளவாக 120 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகவே கொண்டுவரும். 5 நொடித் தொகுப்பு மூன்றுக்கு 2 கிகாபைட்டு போதும். 10 கிகாபிட்டு வலையமைப்புக்கு 20 கிகாபைட்டு போதும்.

நாஸ் இயங்கும்போது ஸ்லாக் மட்டும் பழுதானால் தரவு போகாது. நினைவகத்தில் பிரதி இருப்பதால் இசட்.எப்.எஸ் பதிவேட்டை மீண்டும் வன்தட்டுக்கு மாற்றிக்கொள்ளும், வேகம் மட்டும் குறையும். ஸ்லாக்கும் நாஸும் ஒரே வேளையில் விழுந்தால்தான் இழப்பு. அதைத் தவிர்க்க விரும்புவோர் இரண்டு ஸ்லாக்குகளைப் பிரதியாக அமைக்கின்றனர்.

ஸ்லாக், எழுத வரும் தரவைத் தேக்கி வைக்கும் அணையன்று. எல்லாத் தரவும் முடிவில் வன்தட்டுகளுக்கே போக வேண்டும். மெய்நிகர் இயந்திரங்கள் தொடர்ந்து எழுதும் அளவு வன்தட்டுகள் தாங்கும் அளவை மீறினால், இசட்.எப்.எஸ் வரும் எழுதுதல்களை வேண்டுமென்றே தாமதப்படுத்தத் தொடங்கும். அப்போது தேவைப்படுவது கூடுதல் வட்டுகளே. 1985-இல் ஒரு பதிலுக்கு இருந்த பொருளை மாற்றாமல், அதற்கான காத்திருப்பை 75 மில்லி நொடியிலிருந்து ஒரு மில்லி நொடிக்கும் கீழே கொண்டுவந்திருப்பதே இந்த வரலாற்றின் விளைவு. எஞ்சியிருக்கும் அந்தச் சிறு காத்திருப்புக்குள்தான் தரவு நிலையான இடத்தில் போய்ச் சேர்கிறது.